மெயிலில் தெரியும் உங்கள் பெயர்: டெல்டா அரிசி ஆலை முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆலை நடத்துகிறவர்களுக்கும், அங்கே மேனேஜராக இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆலை அலுவலகங்களில் கம்ப்யூட்டர், மெயில், டேலி, பிரிண்டர் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொடுப்பது என் தொழில். மேனேஜர் பெயரில் மெயில் வந்தது, பணம் போய்விட்டது என்றால் முதலில் கூப்பிடுவது எங்களைப் போன்றவர்களைத்தான். போகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: "சார், யாரோ நம்ம மெயிலை ஹேக் பண்ணிட்டாங்க." பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருப்பதில்லை. உங்கள் பாஸ்வேர்டு உங்களிடமேதான் இருக்கிறது. உங்கள் மெயில் பெட்டிக்குள் யாரும் நுழையவில்லை. உங்கள் பெயரை மட்டும் ஒருவன் எடுத்துத் தன் மெயிலின் மேல் ஒட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அதற்கு எந்தத் திறமையும் வேண்டாம்.

இது உங்களுக்குப் புரிவது முக்கியம். ஏனென்றால், ஹேக் என்று நினைத்துவிட்டால் பாஸ்வேர்டை மாற்றுவீர்கள், ஆன்டிவைரஸ் வாங்குவீர்கள், அதோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள். அடுத்த அறுவடையில் அதே மெயில் திரும்ப வரும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலையின் பெயரும் ஊரும் வேண்டாம். திருவாரூர் மாவட்டம் என்பது போதும். தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். மேனேஜர் காலையிலேயே நெல் பார்க்கத் திருத்துறைப்பூண்டி பக்கம் கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற பெண் ஒருத்தி மட்டும். லாரி வாடகை, கூலி, புரோக்கர் கமிஷன், தவிட்டுக்கு வரவேண்டிய பாக்கி என்று அவளுக்கு நிமிரவே நேரமில்லை. மதியம் சாப்பாட்டு வேளை தாண்டி அவள் போனில் ஒரு மெயில் வந்தது. மேலே மேனேஜரின் முழுப்பெயர், இனிஷியலோடு. உள்ளே ஆங்கிலத்தில் ஒரே வரி: சீட்டில் இருக்கிறாயா, அவசரமாக ஒரு வேலை இருக்கிறது.

கவனியுங்கள், அந்த முதல் மெயிலில் பணப் பேச்சே இல்லை. லிங்க் இல்லை, கூட இணைத்த கோப்பும் இல்லை. மெயிலைச் சலிக்கிற மென்பொருள்கள் முக்கியமாகத் தேடுவது கெட்ட லிங்க்கையும் கெட்ட கோப்பையும்தான். இதில் அப்படிப் பிடிக்க எதுவும் கிடையாது. அவள் "இருக்கிறேன் சார்" என்று பதில் போட்டாள். அந்தப் பதில்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆள் இருக்கிறாள், பெயரை நம்பிவிட்டாள், மேனேஜர் பக்கத்தில் இல்லை என்ற மூன்றும் அவனுக்கு அதில் தெரிந்துவிட்டன.

இரண்டாவது மெயில் சில நிமிடங்களில் வந்தது. 26 கிலோ பை அடித்துத் தருகிற கம்பெனிக்கு 3,85,000 ரூபாய் உடனே ஆர்டிஜிஎஸ் செய்ய வேண்டும், அவர்கள் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டார்கள், புதுக் கணக்கு எண் இது, பணம் போகாவிட்டால் பை லாரி கிளம்பாது. கடைசியில் ஒரு வரி: நான் கலெக்டர் ஆபீசில் மீட்டிங்கில் இருக்கிறேன், கால் பண்ண வேண்டாம், முடித்ததும் மெயில் போடு. அவள் முடித்தாள், மெயிலும் போட்டாள். ஐந்து மணி வாக்கில் மேனேஜர் வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்தார். "பைக்காரங்களுக்கு அனுப்பிட்டேன் சார்" என்று அவள் சொன்னாள். "எந்தப் பைக்காரன்?" என்றார் அவர்.

மறுநாள் நான் போய் அந்த மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் இருக்கும் `Show original` என்பதைச் சொடுக்கினேன். மெயிலின் தலைப்பகுதி முழுவதும் அதில் தெரியும். பெயரையும் முகவரியையும் மாற்றி, தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்:

```
From: "Mill Manager" <office.desk77@example.com>
To: accounts@example.org
Subject: Urgent
spf=pass  dkim=pass  dmarc=pass
```

முதல் வரியில் இரண்டு பாகம் இருப்பதைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது காட்சிப் பெயர். கூர் அடைப்புக்குள் இருப்பதுதான் முகவரி. முகவரியை ஒருவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதைக் கொடுக்கிற நிறுவனத்தில் பதிவு செய்து வாங்க வேண்டும், ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் வாங்க முடியாது. காட்சிப் பெயர் அப்படியில்லை. ஜிமெயில் அமைப்புகளில் பெயர் என்ற கட்டத்தில் எதைத் தட்டினாலும் அதுதான் பெயர். யாரும் ஆதாரம் கேட்பதில்லை, யாரும் சரிபார்ப்பதும் இல்லை. மூட்டையின் மேல் பொன்னி என்று அச்சடித்துவிட்டால் உள்ளே இருப்பது பொன்னியாகிவிடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மெயிலின் மேலே தெரிகிற பெயரும் அப்படி அச்சடித்ததுதான்.

சரி, கடைசி வரியில் மூன்று முறை `pass` என்று வந்திருக்கிறதே, அது என்ன? இந்த இடத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்து, முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கிற டொமைனிலிருந்துதான் மெயில் உண்மையில் கிளம்பியதா என்று பார்க்கிற சோதனைகள். எஸ்பிஎஃப் என்பது, அனுப்புகிற சர்வர் சொல்கிற டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரிலிருந்து வந்ததா என்று பார்க்கிறது. டிகேஐஎம் என்பது, மெயிலில் ஒரு டொமைன் போட்ட டிஜிட்டல் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. டிமார்க் என்பது, இவற்றில் ஒன்றாவது `From` வரியில் தெரிகிற டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. இவற்றில் எதுவும் மேற்கோள் குறிக்குள் இருக்கிற பெயரைத் தொடுவதே இல்லை. அவன் ஒரு இலவச மெயில் சேவையில் முறையாகக் கணக்குத் தொடங்கி, முறையாக அனுப்பினான். மெயில் அந்தச் சேவையிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆகவே மூன்றும் சரி என்று வந்துவிட்டது.

உங்கள் ஆலையின் சொந்த டொமைனில் டிமார்க் கடுமையாகப் போட்டிருந்தால், உங்கள் முகவரியையே அப்படியே போலியாகப் போட்டு அனுப்புவது பெரும்பாலும் தடைபட்டுவிடும். அது நல்லது, கட்டாயம் செய்யுங்கள். அந்தக் கதவை மூடினாலும் பெயரை மட்டும் ஒட்டுகிற இந்த வழி திறந்தே இருக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்தப் பெண்ணின் போன் திரைக்கு வருவோம். "முகவரியைப் பார்க்காமல் எப்படி அனுப்பினாய்?" என்று அவளை எல்லோரும் கேட்டார்கள். போனில் மெயில் பட்டியலைத் திறந்தால் தெரிவது பெயரும் பொருளும் முதல் வரியும்தான். மெயிலைத் திறந்தாலும் மேலே பெயர்தான் பெரிதாக நிற்கும். பெயருக்குக் கீழே இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் முகவரி வெளியே வரும். பதில் எழுதப் போனாலும் பெறுபவர் கட்டத்தில் பெயரே நிற்கும். பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் படம் வேறு. அவன் தன் கணக்கில் உங்கள் போட்டோவை வைத்திருந்தால் அதுவே தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயிலைப் போனில் பார்க்கிறவள், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியைத் தட்டிப் பார்ப்பாள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பெயர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், முகவரி எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் அலுவலக மெயில் முகவரி பில்லில் இருக்கிறது, விளம்பரத்தில் இருக்கிறது, பையின் மேலேயே அச்சாகியிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு வைத்த பிளக்ஸில் போட்டோவும் பதவியும் இருக்கிறது, அது ஃபேஸ்புக்கிலும் இருக்கிறது. இவற்றை ஒளித்துவைத்து வியாபாரம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். உங்கள் பெயர் ஊருக்கே தெரியும் என்பதை வைத்துக்கொண்டே பாதுகாப்பை யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே. அந்த ஆலையில் பழைய மெயில்களைப் புரட்டினேன். மேனேஜருக்கு அலுவலக மெயில் ஒன்று உண்டு. ஆனால் அவர் அதை அதிகம் திறப்பதில்லை. வெளியே இருக்கும்போது தன் சொந்த ஜிமெயிலிலிருந்துதான் அனுப்புவார். ஒருமுறை மகனின் டேப்லெட்டிலிருந்து அனுப்பியிருந்தார். அது மூன்றாவது முகவரி. ஒவ்வொன்றிலும் அவர் பெயர்தான் மேலே. உள்ளே இரண்டு வரிதான் இருக்கும்: இந்தப் பார்ட்டிக்கு இவ்வளவு போடு, அர்ஜென்ட். வணக்கம் கிடையாது, விளக்கம் கிடையாது. திரும்பக் கூப்பிட்டு, "சார், இது நீங்கதானே?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். "எழுதியிருக்கேன் இல்ல, படிக்கத் தெரியாதா?" என்று பதில் வந்திருக்கிறது.

இப்போது போலி மெயிலைத் திரும்பப் பாருங்கள். அறியாத முகவரி, அவசரம், குறைந்த வார்த்தை, கால் பண்ணாதே என்ற கட்டளை. ஒன்றுகூட அவளுக்குப் புதிது இல்லை. உங்கள் நிஜ மெயில் எப்படி இருக்குமோ அப்படியே அது இருந்தது. பெயர் ஒன்றாக இருந்து முகவரி மாறினால் சந்தேகப்படு என்று நான் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனாலும், நீங்கள் மறுநாள் காலையில் வேறு முகவரியிலிருந்து உத்தரவு போட்டு அதை அழித்துவிடுகிறீர்கள். ஆகவே இந்த வேலையைக் கணக்கு பார்க்கிறவர்கள் தலையில் வைக்க முடியாது. உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலாவதாக, ஒரே முகவரியிலிருந்து அனுப்புங்கள். அலுவலக வேலைக்கு அலுவலக மெயில் மட்டும். அதை உங்கள் போனிலேயே போட்டுத் தரச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டர்காரரும் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார். "என் சொந்த மெயிலிலிருந்து பணம் பற்றி எழுத மாட்டேன், அப்படி வந்தால் அது நானில்லை" என்று உங்கள் வாயால் அலுவலகத்தில் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை மீறினால்கூட அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

பல ஆலைகளில் எல்லோருக்கும் இலவச ஜிமெயில்தான் இருக்கிறது. ஆலைக்கென்று டொமைனே இல்லை. அங்கே முகவரியைத் தட்டிப் பார்த்தாலும் பெரிய உதவி கிடையாது. உங்கள் நிஜ முகவரியும் @gmail.com என்று முடிகிறது, அவனுடையதும் அப்படியே முடிகிறது. நடுவில் ஒரு எழுத்தோ எண்ணோ கூடுதலாக இருப்பதை அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? சொந்த டொமைன் வாங்கி, கூகுள் வொர்க்ஸ்பேஸோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ வைத்துக்கொண்டால், @ குறிக்குப் பின்னால் ஆலையின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அதில் இன்னொரு பயனும் உண்டு. வொர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயிலுக்கான `Safety` பகுதிக்குள் `Protect against spoofing of employee names` என்று ஒரு அமைப்பு இருக்கிறது. உங்கள் ஊழியர் பட்டியலில் இருக்கிற பெயரோடு வெளி முகவரியிலிருந்து மெயில் வந்தால், அதன் மேல் எச்சரிக்கைப் பட்டை காட்டலாம், ஸ்பாமுக்குத் தள்ளலாம், அல்லது நிர்வாகி பார்த்து விடும்வரை நிறுத்திவைக்கலாம். மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் வெளியிலிருந்து வரும் மெயில்களுக்கு `External` என்று அவுட்லுக்கில் முத்திரை தெரியும்படி நிர்வாகி ஒரே கட்டளையில் செய்துவிடலாம்:

```
Set-ExternalInOutlook -Enabled $true
```

இவற்றுக்கும் எல்லை உண்டு. ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் இனிஷியல் இல்லாமல் இருந்து, அவன் வேறு விதமாக எழுதினால் தப்பிவிடலாம். அப்புறம், நீங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்புகிற வழக்கத்தை விடாவிட்டால், உங்கள் நிஜ மெயிலுக்கும் அதே எச்சரிக்கைப் பட்டைதான் வரும். ஒரு வாரத்தில் அலுவலகத்தில் யாரும் அந்தப் பட்டையைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. புதுக் கணக்கு எண், மாறிய கணக்கு எண், வழக்கத்தில் இல்லாத தொகை: இந்த மூன்றில் எது வந்தாலும் பணம் போவதற்கு முன்னால் போனில் பேசியே ஆகவேண்டும். பேசுகிற எண் அந்த மெயிலில் இருக்கிற எண்ணாக இருக்கக் கூடாது. அலுவலகத்து நோட்டில் முன்பே எழுதிவைத்த எண்ணாக இருக்க வேண்டும். மெயிலுக்குப் பதில் போட்டு, "இது நீங்கள்தானா?" என்று கேட்பதில் பயனில்லை. பதில் அவனுக்குத்தான் போகிறது. சில மெயில்களில் முகவரி ஒன்றாகவும், `Reply-To` என்ற வரியில் பதில் போகவேண்டிய முகவரி வேறாகவும் இருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற முகவரியைக்கூட நம்பிப் பதில் போட வேண்டாம்.

பை கம்பெனிக்கும் அப்படியே கூப்பிட வேண்டும். வருஷக்கணக்காகப் பழகுகிற பார்ட்டி திடீரென்று வங்கிக் கணக்கை மாற்றுவது அடிக்கடி நடப்பதில்லை. ஒரு போனில் தெரிந்துவிடும்.

முகவரி சரியாக இருந்தாலும் கூப்பிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். நான் மேலே சொன்னது பெயரை மட்டும் ஒட்டுகிற மோசடி. சில இடங்களில் உண்மையாகவே மெயில் கணக்கின் பாஸ்வேர்டு போயிருக்கும். அப்போது முகவரி உங்களுடையதாகவே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. போனில் பேசுவது அந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துவிடும். முகவரியை மட்டும் பார்ப்பது ஒன்றைத்தான் பிடிக்கும்.

இந்த விதி வேலை செய்ய நீங்கள் ஒன்று செய்தாக வேண்டும். கூப்பிட்டுக் கேட்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாலும், வயலில் இருந்தாலும், "ஆமாம், நான்தான், போடு" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் பணம் போகாமல் நிற்கட்டும். ஒரு நாள் தாமதத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். வாயால் சொன்னதைவிட, சுவரில் முதலாளியின் கையெழுத்தோடு இருப்பது கணக்கு பார்க்கிற பிள்ளைக்குத் தைரியம் தரும். "கால் பண்ணாதே" என்று வருகிற மெயிலுக்கு அதைக் காட்டி அவள் மறுக்க முடியும்.

மூன்றாவது, வங்கி. நடப்புக் கணக்குக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் பதிந்தால் இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் போகும்படி வைத்துக்கொள்ள முடியும். மேக்கர், செக்கர் என்பார்கள். இந்த ஏற்பாடு பல ஆலைகளில் பேருக்கு இருக்கிறது. ஆனால் செக்கரின் ஓடிபி வருகிற போன் எங்கே இருக்கிறது? கணக்கு பார்க்கிறவரின் மேஜை டிராயரில். "நான் வெளியே இருப்பேன், நீயே போட்டுவிடு" என்று கொடுத்து வைத்திருக்கிறீர்கள். நான் சொன்ன ஆலையிலும் அதுதான் நடந்தது. அந்தப் போன் மேனேஜரின் பாக்கெட்டில் இருந்திருந்தால், 3,85,000 ரூபாய்க்கு ஒப்புதல் கேட்டு அவருக்கே தகவல் போயிருக்கும். பணம் அங்கேயே நின்றிருக்கும். தயவுசெய்து அந்தப் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவாகிறது. நீங்கள் தட்டுகிற பெயரை வைத்து அல்ல. பை கம்பெனியின் பெயரைப் போட்டு வேறு எவனுடைய கணக்கு எண்ணைப் போட்டாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். இதனால்தான் அனுப்புவதற்கு முன்னால் அந்த எண்ணுக்கு உரிய கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. புதுக் கணக்கைச் சேர்க்கும்போது அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெரியாத தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். மெயிலில் பெயரை ஒட்டுகிறவன் அங்கே போட்டோவை ஒட்டுகிறான். "நம்பர் மாத்திட்டேன், இதை சேவ் பண்ணிக்கோ" என்று தொடங்குவான். சேமிக்காத எண்ணாக இருந்தால் எண்ணும், அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் `~` குறியோடும் தெரியும். அந்தக் குறி, இந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டான் என்பதற்கான அடையாளம். ஆனால் அவன் சொன்னபடி எண்ணைச் சேமித்துவிட்டால் அந்தக் குறி போய்விடும். அப்புறம் நீங்களே அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததாகிவிடும். சிறிய ஆலையில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்திலேயே, தலைமை அதிகாரியின் பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்திகளை நம்பி 1 கோடி ரூபாய்க்கு மேல் அனுப்பிவிட்டார்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? முதலில் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்; இது சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அதோடு சேர்த்து உங்கள் வங்கிக் கிளைக்கும் சொல்ல வேண்டும். பணம் அவன் கணக்கிலோ அடுத்த கணக்கிலோ இருக்கும்போதே சொன்னால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. வந்த சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவார்கள், ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். 1930-ல் கேட்பார்கள் என்று பரிமாற்றத்தின் யுடிஆர் எண், தொகை, நேரம், போன கணக்கின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த மெயிலை அழிக்காதீர்கள். போலீசுக்கு அதன் முழுத் தலைப்பகுதியும் வேண்டியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. ஜிமெயிலில் புது முகவரிக்குப் பதில் போட்டால் அது தானாகவே தொடர்புப் பட்டியலில் `Other contacts` என்ற பகுதியில் சேர்ந்துவிடும். அடுத்த மாதம் அதே பெண் மேனேஜருக்கு மெயில் எழுத அவர் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால், அவனுடைய முகவரியும் உங்கள் பெயரோடு வந்து நிற்கும். ஆலையின் கணக்கு அறிக்கையை அவளே அவனுக்கு அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஆதாரத்தை எடுத்துவைத்த பிறகு contacts.google.com போய் அந்த முகவரியை நீக்குங்கள். அந்த ஆலையில் நான் பார்த்தபோது அது அங்கே உட்கார்ந்திருந்தது. முகவரியை பிளாக் செய்தும் பெரிய பயன் இல்லை. அவன் புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து மணிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் "எந்தப் பைக்காரன்?" என்று மேனேஜர் கேட்டதும், "வேற ஒரு பழைய பாக்கி சார், நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டாள். இரவெல்லாம் தூங்காமல் இருந்து, மறுநாள் காலையில் அழுதுகொண்டே சொன்னாள். காரணம், அதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் ஒருவர் தவறுதலாக இரண்டு முறை அனுப்பிய தொகையைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருந்தார்கள். அவள் சம்பளத்தில் 3,85,000 ரூபாயைப் பிடித்தால் எத்தனை வருஷம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நாங்கள் 1930-க்குப் பேசியபோது பணம் அந்த முதல் கணக்கில் இல்லை.

ஆகவே உங்களை நான் வேண்டிக் கேட்பது இதுதான். இப்படிப்பட்ட மெயிலை நம்பி அனுப்பியதற்குச் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம், தெரிந்த அந்த நிமிடமே சொன்னால் போதும் என்று இப்போதே, எதுவும் நடப்பதற்கு முன்னால், எல்லோரையும் வைத்துச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணையும் வங்கிக் கிளையின் எண்ணையும் கணக்கு மேஜைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். உங்களிடம் கேட்காமலே அந்த எண்ணுக்குப் போன் செய்யும் உரிமை அந்த மேஜையில் உட்காருகிறவருக்கு உண்டு என்றும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆலை அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்ப்பவன்,
மன்னார்குடி